பாளையில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையனின் பொருளுக்கு, களக்காட்டில் இருக்கும் எங்க வீட்டு பாலிசி செல்லுமா?

களக்காடு செல்வி

எல்லாருக்கும் வணக்கம். எங்க பையன் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம் படிக்கான். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலைன்னு பெருமாள்புரத்துல ஒரு மாடி வீட்டுல கூடப் படிக்கிற மூணு பேரோட சேர்ந்து தங்கியிருக்கான். போன ஞாயித்துக்கிழமை நாலு பேரும் வெளிய போயிட்டு ராத்திரி திரும்பி வந்தா கதவு திறந்து கிடக்கு. பூட்டு பூட்டினபடியே தொங்குது. கொண்டியை மட்டும் நிலையிலிருந்து நெம்பி எடுத்திருக்கான். ரெண்டு லேப்டாப்பும் (ஒண்ணு எங்க பையனோடது), மாடிப்படிக்குக் கீழ சங்கிலி போட்டு நிறுத்தியிருந்த அவன் கியர் சைக்கிளும் போயிட்டு.

வீடு கட்ட லோன் போட்டப்ப எடுத்த வீட்டு இன்சூரன்ஸ் எங்களுக்கு இருக்கு. அதுல வீட்டுச் சாமானுக்குன்னு தனியா 4 லட்சம் போட்டிருக்கு. கம்பெனிக்குப் போன் போட்டா, "அட்ரஸ் வேற, கிடைக்காது"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. பையன் எங்க குடும்பம்தானே? ரேஷன் கார்டுல அவன் பேர் இருக்கு, ஆதார்ல களக்காடு அட்ரஸ்தான். லேப்டாப்பும் நாங்க வாங்கிக் கொடுத்ததுதான். இது சரியா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வள்ளியூர் முத்து

மதினி, போன்ல சொல்றதை நம்பாதீங்க. வீட்டு பாலிசின்னா குடும்பத்துக்கே பாலிசி. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் அதுல அடக்கம். என் பாலிசிலேயே "குடும்ப உறுப்பினர்களின் உடைமைகளும் சேரும்"னு எழுதியிருக்கு. ரேஷன் கார்டு நகலை வச்சு எழுத்துல கேளுங்க, கொடுத்துத்தான் ஆகணும்.

நெல்லை சர்வேயர் (ஓய்வு)

முத்து தம்பி சொன்னதில் பாதி சரி. பாலிசியில் ரெண்டு கேள்வி இருக்கு. யாருடைய பொருள் என்பது ஒன்று, அந்தப் பொருள் எந்த இடத்தில் இருந்தது என்பது இன்னொன்று. தம்பி படித்துக் காட்டிய வரி முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில். பையனின் லேப்டாப் குடும்பப் பொருள்தான் என்று கம்பெனியே ஒத்துக்கொள்ளும். ரெண்டாவது கேள்வியில்தான் க்ளெய்ம் நிற்கும்.

அம்மா, உங்கள் பாலிசியின் ஷெட்யூலில் ஒரு முகவரி இருக்கும். பிரீமியம் கணக்குப் போட்டது அந்த முகவரிக்கு, அந்தக் கட்டடத்துக்கு. 2021 ஏப்ரல் 1-லிருந்து எல்லா பொதுக் காப்பீட்டுக் கம்பெனியும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டு பாலிசியின் விலக்குப் பட்டியலில், வீட்டிலிருந்து வேறு இடத்துக்கு எடுத்துச் செல்லப்பட்ட பொருளின் இழப்புக்குப் பணம் இல்லை என்று நேரடியாகவே இருக்கிறது. பையன் லீவுக்கு வந்து லேப்டாப் களக்காட்டு வீட்டு மேஜையில் இருக்கும்போது வெள்ளமோ தீயோ வந்தால் அதற்கு அந்த பாலிசி உண்டு. திங்கட்கிழமை காலையில் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால், வாசல்படியோடு அது நின்றுவிடும். ரேஷன் கார்டும் ஆதாரும் பொருள் இருந்த இடத்தை மாற்றாது.

ஆனாலும் போன் பதிலோடு விட்டுவிடாதீர்கள். பழைய வகை வீட்டு பேக்கேஜ் பாலிசிகளில் பல பிரிவுகள் இருக்கும்: தீ, வீடு புகுந்து திருட்டு, வீட்டுச் சாதனப் பழுது, சைக்கிள், பயணச் சாமான், ஆல் ரிஸ்க். இந்த ஆல் ரிஸ்க் பிரிவில் ஒரு பொருளைப் பெயர், சீரியல் எண், மதிப்பு எல்லாம் போட்டுத் தனியாக எழுதியிருந்தால், அது முகவரிக்கு வெளியிலும் செல்லும். இந்தியாவுக்குள் எங்கே இருந்தாலும் உண்டு என்பதுதான் வழக்கமான வாசகம். உங்கள் ஷெட்யூலில் எந்தெந்தப் பிரிவுக்கு நேராகத் தொகை போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தென்காசி அப்பா

என் மகளும் ஹாஸ்டல்லதான் இருக்கா. கல்விக்கடன் கொடுத்தப்ப பேங்க்ல ஒரு இன்சூரன்ஸ் சேர்த்துப் போட்டாங்க. அதுல இந்த லேப்டாப் எல்லாம் வருமா?

நெல்லை சர்வேயர் (ஓய்வு)

வராது அண்ணாச்சி. கடனோடு சேர்த்துப் போடுவது பெரும்பாலும் உயிர்க் காப்பீடு. கடன் வாங்கியவருக்கு ஏதாவது ஆனால் பாக்கியை அடைப்பதற்கு. பொருளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜங்ஷன் மாரி

நான் 2023 டிசம்பர் வெள்ளத்துல மாட்டினவன். அப்ப ஜங்ஷன் பக்கம் தரைத்தளத்துல ரூம். 17-ம் தேதி மழை விடவே இல்லை, தாமிரபரணி ஏறி தண்ணி உள்ள வந்துட்டு. உயிர் பொழைச்சா போதும்னு மாடிக்கு ஓடினோம். தண்ணி வடிஞ்சு போய்ப் பார்த்தா மெத்தை, புத்தகம், லேப்டாப், டேபிள் ஃபேன் எல்லாம் சகதி. சர்டிபிகேட் ஃபைல் கட்டில் மேலதான் இருந்துச்சு, கட்டிலே மிதந்து கவுந்துட்டு.

எங்க அப்பாகிட்டயும் அம்பாசமுத்திரம் வீட்டுக்கு பாலிசி இருந்துச்சு. இதே பதில்தான், அட்ரஸ் வேற. வீட்டு ஓனர் பாலிசி போட்டிருந்தார், அவருக்குச் சுவருக்கும் மோட்டாருக்கும் பணம் வந்துச்சு. எங்க சாமானுக்கு அதுல எதுவும் இல்லை. அப்பதான் தெரிஞ்சுது, நடுவுல நாங்க யார் பாலிசியிலும் இல்லைன்னு.

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். வாடகைக்கு இருக்கிறவன், அதுவும் ஒரு ரூம்ல பங்கு வச்சிருக்கிறவன், தன் சாமானுக்கு மட்டும் பாலிசி எடுக்க முடியுமா?

நெல்லை சர்வேயர் (ஓய்வு)

முடியும் தம்பி. கட்டடம் இல்லாமல் வீட்டுச் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம், வாடகைதாரருக்கும் உண்டு. உன் வெள்ளக் கதைக்கு அது போதுமானது. வெள்ளம், புயல், தீ, இடி, தண்ணீர்த் தொட்டி உடைந்து வழிவது எல்லாம் அடிப்படையிலேயே வரும். ஆனால் சர்டிபிகேட்டுக்கு வராது. ஆவணம், பணம், காசோலை எல்லாம் விலக்குப் பட்டியலில் இருப்பவை. நகல் சான்றிதழ் வாங்கும் செலவு உன் கையிலிருந்துதான்.

செல்வி அம்மா விஷயத்துக்கு அதே பாலிசி போதாது. ரொம்பப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் திருட்டு என்று இருப்பது, வெள்ளம், தீ போன்ற ஒரு சம்பவம் நடந்து 7 நாளுக்குள் அதைத் தொடர்ந்து நடக்கும் திருட்டு மட்டும்தான். ஊரே வெள்ளத்தில் கிடக்கும்போது ஆள் இல்லாத வீட்டில் புகுந்து அள்ளினால் அது சேரும். சாதாரண ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டியை நெம்பினால் சேராது. அதற்கு வீடு புகுந்து திருட்டுக்கான பிரிவைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

அந்தப் பிரிவிலும் ஒரு நிபந்தனை உண்டு. பலவந்தமாக உள்ளே நுழைந்திருக்க வேண்டும், அல்லது பலவந்தமாக வெளியேறியிருக்க வேண்டும். பாலிசியில் அப்படி எழுதியிருந்தால், பலவந்தம் இல்லாத திருட்டுக்குக் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2004-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பொதுப் பேச்சில் திருட்டு திருட்டுதான், பாலிசி வாசகம் வேறாக இருந்தால் வாசகம்தான் நிற்கும் என்று.

ஹாஸ்டலில் நடக்கும் திருட்டில் முக்கால்வாசி எப்படி என்று நினைத்துப் பாருங்கள். குளிக்கப் போன பத்து நிமிஷத்தில் திறந்த ரூமிலிருந்து போன் போகும். சார்ஜில் போட்ட லேப்டாப்பைத் தெரிந்த முகம் ஒன்று எடுத்துப் போகும். பூட்டும் உடையாது, கதவும் பெயராது. ரூமுக்குள் வர உரிமை உள்ளவர் எடுத்தது என்றால் அதற்கே தனி விலக்கு இருக்கும். உங்கள் பையனுக்கு நடந்தது அப்படியில்லை. கொண்டி பெயர்ந்திருக்கிறது, அது சரியான அத்தாட்சி. போட்டோ இருக்கா?

களக்காடு செல்வி

பையன் அன்னைக்கு ராத்திரியே போன்ல எடுத்திருக்கான் அண்ணாச்சி. நிலையில மரம் பிளந்து, வளைஞ்ச திருகாணி ரெண்டு தொங்குறது நல்லாத் தெரியுது. மறுநாள் காலையில வீட்டுக்காரர் ஆசாரியைக் கூப்பிட்டு புதுக் கொண்டி போட்டுட்டாரு, பழசை ஓரமா வச்சிருக்காரு.

பாலிசியைத் தேடி எடுத்துட்டேன். தீ பிரிவுல கட்டடம், சாமான் ரெண்டுக்கும் தொகை இருக்கு. வீடு புகுந்து திருட்டுக்கும் இருக்கு. ஆல் ரிஸ்க்ல என் ரெட்டை வடம் சங்கிலியும் வளையலும் மட்டும் எழுதியிருக்கு. சைக்கிள் பிரிவுக்கு நேரா கோடு போட்டிருக்கு. லேப்டாப்னு எங்கயும் இல்லை.

நெல்லை சர்வேயர் (ஓய்வு)

அப்படியானால் இந்த இழப்புக்கு அந்த பாலிசியில் வழி இல்லை அம்மா. சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. திருட்டுப் பிரிவும் களக்காட்டு முகவரிக்குத்தான். ஆல் ரிஸ்க்கில் லேப்டாப் எழுதப்படவில்லை, சைக்கிள் பிரிவு எடுக்கப்படவில்லை. காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன் வரை போனாலும் முகவரி விஷயத்தில் தீர்ப்பு மாறும் என்று நான் சொல்லமாட்டேன். எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று பாருங்கள். லேப்டாப் வாங்கும்போது கடையிலோ ஆன்லைனிலோ ஒரு பாதுகாப்புத் திட்டம் என்று சில நூறு ரூபாய் சேர்த்து வாங்கியிருப்பார்கள். பில்லை எடுத்து அதில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது வாரண்டி நீட்டிப்பா, சேதக் காப்பீடா, திருட்டும் உண்டா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். திருட்டு இருந்தால், இவ்வளவு நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று கெடு இருக்கும். இன்றைக்கே பாருங்கள்.

பாளை லேடீஸ் ஹாஸ்டல் நிர்வாகி

ஹாஸ்டல் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. எங்களிடமும் பாலிசி இருக்கிறது. அதில் இருப்பது எங்கள் கட்டடம், கட்டில், பீரோ, சமையல்கூடச் சாமான், இன்வர்ட்டர். பிள்ளைகளின் லேப்டாப் அதில் வராது, அது எங்கள் சொத்து இல்லை. பெற்றோர் சண்டைக்கு வரும்போது இதை விளங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சேர்க்கும்போதே நான் சொல்வது, பீரோவுக்கு நீங்களே பூட்டு வாங்கிப் போடுங்கள், சாவி ஒன்று பிள்ளையிடம், ஒன்று உங்களிடம். ஹாஸ்டல் கொடுக்கும் பூட்டுக்குப் பழைய பிள்ளைகளிடம் எத்தனை சாவி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

வள்ளியூர் முத்து

அதெப்படி மேடம்? வாடகை வாங்குறீங்க, வாட்ச்மேன் வச்சிருக்கீங்க. பொறுப்பு உங்களுக்கு இல்லையா?

வக்கீல் குமாஸ்தா, பாளை

பொருள் யார் கையில் ஒப்படைக்கப்பட்டது என்பதுதான் கேள்வி. லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஆபீஸ் அறையில் கொடுத்து, ரசீது வாங்கி வைத்துவிட்டுப் போன பொருள் காணோம் என்றால், ஒப்படைப்புக்கான கடமை ஒப்பந்தச் சட்டப்படி நிர்வாகத்துக்கு வரும். தன் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் நியாயமான கவனம் எடுத்தார்களா என்று கேட்கலாம். பிள்ளை தன் ரூமில், தன் பீரோவில் வைத்திருந்தது அப்படி இல்லை. வாட்ச்மேன் தூங்கினார் என்று கவனக்குறைவை நிரூபிக்க முடிந்தால் நுகர்வோர் மன்றம் போகலாம். அது நீண்ட வழி, முடிவும் கைக்கு வரும்வரை நிச்சயம் இல்லை.

செல்வி அம்மாவிடம் நான் கேட்க நினைத்தது வேறு. ஸ்டேஷனில் புகார் கொடுத்தாச்சா? என்ன காகிதம் கொடுத்தார்கள்?

களக்காடு செல்வி

மறுநாளே கொடுத்தாச்சு சார். சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்திருக்காங்க. பையன் எழுதின புகார்ல "ரூமில் வைத்திருந்த லேப்டாப், சைக்கிள் காணவில்லை"ன்னு மட்டும் இருக்கு.

வக்கீல் குமாஸ்தா, பாளை

ரெண்டு திருத்தம் அவசியம். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்ததற்கு ஒப்புகை, எஃப்.ஐ.ஆர். இல்லை. எந்தத் திருட்டு க்ளெய்முக்கும் கம்பெனி கேட்பது எஃப்.ஐ.ஆர்., பிறகு பொருள் கிடைக்கவில்லை என்ற சான்று. கொண்டி பெயர்க்கப்பட்ட வீட்டுத் திருட்டு பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம், அதனால் எஃப்.ஐ.ஆர். கேட்பது உங்கள் உரிமை. பாரதிய நியாய சன்ஹிதாவில் குடியிருப்பில் நடக்கும் திருட்டுக்கு 305-வது பிரிவு இருக்கிறது.

அடுத்தது, புகாரில் நடந்ததை அப்படியே எழுத வேண்டும். எத்தனை மணிக்குப் பூட்டினார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், கொண்டி எப்படிக் கிடந்தது, மரம் பிளந்தது, படிக்கீழே சங்கிலி அறுந்து கிடந்ததா, லேப்டாப்பின் சீரியல் எண். கூடுதல் மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். போலீஸ் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கு உடனே அறிக்கை கிடைக்கும் என்று பையன்கள் அதைப் போட்டு வைக்கிறார்கள். அது சர்டிபிகேட், லைசென்ஸ் தொலைந்தால் மட்டும். திருட்டுக்கு அதைக் காட்டினால் கம்பெனி ஏற்காது.

நெல்லை சர்வேயர் (ஓய்வு)

குமாஸ்தா சார் சொன்னதை நான் அப்படியே வழிமொழிகிறேன். காணாமல் போனது, எங்கே எப்போது என்று ஒரு சம்பவத்தோடு இணைக்க முடியாதது என்றால் அதற்கு விலக்கு உண்டு. நேர்மையான க்ளெய்ம்கூட அவசரத்தில் எழுதிய ஒரு வரியால் விழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

களக்காடு செல்வி

பில்லைப் பார்த்துட்டோம். ஆன்லைன்ல வாங்கினது, கொழுந்தனார் கணக்குல. அதனால பில்லும் அவர் பேர்ல இருக்கு. அதுல ஒரு பாதுகாப்புத் திட்டம் இருக்கு, திருட்டும் சேரும்னு போட்டிருக்கு! எஃப்.ஐ.ஆர். கேக்காங்க. விலை 56,000. வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது. முழுசும் கிடைக்குமா? பேர் மாறினது பிரச்சினையா?

நெல்லை சர்வேயர் (ஓய்வு)

நல்ல செய்தி அம்மா. பெயர் விஷயத்துக்குக் கொழுந்தனாரிடம் "என் கணக்கில் வாங்கினேன், பணம் அண்ணன் கொடுத்தது, பயன்படுத்துவது அவர் மகன்" என்று கடிதமும், பணம் போன பேங்க் ஸ்டேட்மெண்டும் வாங்கி வையுங்கள். பெட்டி இருந்தால் அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் சீரியல் எண் இருக்கும், பில்லில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள். திட்டம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் க்ளெய்ம் போட வேண்டியிருக்கும்.

தொகை முழுசாக வராது. பழசாவதற்குக் கழிப்பார்கள், நாம் ஏற்க வேண்டிய முதல் பகுதியையும் கழிப்பார்கள். கழிவு விகிதம் உங்கள் திட்டத்தில் எழுதியிருக்கும். கணக்கு புரிவதற்காக ஒரு உதாரணம்: வருஷத்துக்கு 20 சதவீதம், நம் பங்கு 2,000 என்று இருந்தால், 56,000-ல் 22,400 போய் 33,600, அதில் 2,000 போக 31,600. வளைந்த திருகாணியோடு பழைய கொண்டியைத் தூக்கிப் போட வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

பேட்டை ஏஜென்ட் ராஜ்

நான் ஏஜென்ட்தான், என் கம்பெனி பெயரைச் சொல்லி விற்க வரலை. இனிமேலுக்கு என்ன செய்யலாம்னு சொல்றேன். செல்விக்கா பாலிசியைப் புதுப்பிக்கும்போது ஆல் ரிஸ்க் பிரிவுல புது லேப்டாப்பை சீரியல் எண்ணோட சேர்த்துடலாம். பையனுக்குத் தனி பாலிசியே வேண்டாம். பிள்ளை பெற்றோரைச் சார்ந்து இருக்கான், குடும்பம்தான்.

நெல்லை சர்வேயர் (ஓய்வு)

ராஜ், வழி நல்லதுதான். எனக்கு ஒரு இடத்தில் உறுத்துகிறது. பல பாலிசிகளில் குடும்பம் என்றால் "உங்களோடு நிரந்தரமாக வசிப்பவர்கள்" என்று இருக்கும். நாலு வருஷம் பாளையில் தங்கும் பையன் நிரந்தரமாக எங்கே வசிக்கிறான்? கம்பெனி நினைத்தால் இதைப் பிடித்துக்கொள்ளலாம்.

பேட்டை ஏஜென்ட் ராஜ்

படிக்கப் போறது தற்காலிகம்தான் அண்ணாச்சி, வீடு களக்காடுதான். நான் சேர்த்த பாலிசிகள்ல இதை யாரும் கேட்டதே இல்லை.

நெல்லை சர்வேயர் (ஓய்வு)

சேர்க்கும்போது கேட்கமாட்டார்கள், க்ளெய்ம் வரும்போதுதான் கேட்பார்கள். நீ சொல்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. ரெண்டு பக்கமும் வாதாட இடம் இருக்கிறது. அதனால்தான் சேர்ப்பதற்கு முன் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறேன்: "இந்த லேப்டாப்பை என் மகன் பெருமாள்புரம் முகவரியில் தங்கிப் பயன்படுத்துகிறான், அங்கே திருடு போனால் இந்தப் பிரிவில் உண்டா, பலவந்தம் இல்லாத திருட்டும் சேருமா?" இந்த ரெண்டுக்கும் பதில் எழுத்தில் வந்தால் சேர்க்கலாம். மழுப்பலாக வந்தால் பையன் பெயரில், பெருமாள்புரம் முகவரிக்கு, சாமானுக்கு மட்டும் ஒரு பாலிசி, அதில் திருட்டுப் பிரிவு, லேப்டாப் தனியாக ஆல் ரிஸ்க்கில். ரூம் மாறினால் அன்றைக்கே முகவரியை மாற்றி எண்டார்ஸ்மென்ட் வாங்க வேண்டும்.

ஜங்ஷன் மாரி

அண்ணாச்சி, நாலு பேர் ரூம்ல ஒருத்தன் பேர்ல எடுத்து, காசைப் பங்கு போட்டுக்கலாமா?

நெல்லை சர்வேயர் (ஓய்வு)

கூடாது தம்பி. பாலிசி யார் பெயரிலோ அவர் பொருளுக்கும் அவர் குடும்பத்தார் பொருளுக்கும்தான். ரூம்மேட் குடும்பம் இல்லை. அவன் லேப்டாப்புக்கு உனக்கு உரிமை இல்லை, அதனால் க்ளெய்மும் இல்லை. நாலு பேருக்கு நாலு பாலிசி.

தென்காசி அப்பா

சைக்கிளுக்கு என்ன வழின்னு யாரும் சொல்லலையே? என் மகளும் ஹாஸ்டல்ல சைக்கிள் வச்சிருக்கா.

பேட்டை ஏஜென்ட் ராஜ்

வீட்டு பேக்கேஜ்ல சைக்கிள் பிரிவு இருந்தா ஃபிரேம் எண்ணோட சேர்க்கலாம் அண்ணாச்சி. பூட்டாம நிறுத்தினா கொடுக்கமாட்டாங்க. ஃபிரேம் எண் பெடலுக்கு அடியில, குழாய்கள் சேருற இடத்துல பொறிச்சிருக்கும். இன்னைக்கே போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்க.

களக்காடு செல்வி

எல்லாருக்கும் நன்றி. நாளைக்குக் காலையில பையனோட அப்பா ஸ்டேஷனுக்குப் போய் கூடுதல் மனு கொடுக்காங்க. கொழுந்தனாரும் கடிதத்தோட கூடப் போறாங்க. படிக்கீழ கிடந்த சங்கிலியை ரம்பத்தால அறுத்த தடம் இருக்குன்னு பையன் இப்பதான் சொல்லுதான். அதையும் மனுவுல சேர்க்கச் சொல்லிட்டேன். எஃப்.ஐ.ஆர். நம்பர் வந்ததும் இங்க போடுதேன்.